நடு பிளஸ், பன்னிரண்டு வோல்ட்

பதுளை பஜாரில் நான் வேலை பார்க்கும் கடையில் இப்போது சார்ஜர், அடாப்டர் என்று யார் வந்தாலும் என் பக்கம் கையைக் காட்டிவிடுகிறார்கள். முன்பு அப்படி இல்லை. எல்லாவற்றையும் முதலாளியே எடுத்துக் கொடுப்பார். அவருக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்றுதான்: பின் உள்ளே போகிறதா? போனால் வியாபாரம் முடிந்தது. போகாவிட்டால் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பார்.

எழுதும்போதே கோபம் வருகிறது. வரட்டும். அந்தக் கோபத்தை ஒன்றரை வருஷம் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தவள் நான். இப்போதாவது துப்புகிறேன்.

ரவுட்டருக்கும் பல லேப்டாப்புகளுக்கும் வரும் அந்த உருண்டைப் பின்னைப் பார்த்திருப்பீர்கள். வெளியே உலோகக் குழாய், நடுவில் துளை. மெஷினில் இருக்கும் ஊசி அந்தத் துளைக்குள் போகும். அதில் நான்கு விஷயம் பொருந்த வேண்டும். வெளி விட்டம், துளையின் விட்டம், நடுவில் வருவது பிளஸா மைனஸா, எத்தனை வோல்ட். மூன்று பொருந்தியது, நாலாவது பரவாயில்லை என்று இதில் சொல்ல முடியாது. அடிக்கடி வருகிற பின் வெளியே ஐந்தரை மில்லிமீட்டர் இருக்கும். துளை மட்டும் ஒன்றில் இரண்டு புள்ளி ஒன்று, இன்னொன்றில் இரண்டரை. கண்ணுக்கு இரண்டும் அக்கா தங்கைதான். சின்னத் துளை பெரிய ஊசியில் ஏறாது. அது நல்லது, தடுத்துவிடும். பெரிய துளையோ சின்ன ஊசியில் சுகமாக ஏறிவிடும். ஏறி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கும். பின் ஏறினால் போதும் என்கிற முதலாளியின் சாத்திரம் அந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்க்கும்.

இதெல்லாம் பண்டாரவளையில் ஒரு கோர்ஸில் படித்தது. போர்டிங்கில் தங்கிப் படித்தேன். அதனால்தான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி "எந்த ஊர் பிள்ள?" என்று கேட்டபோது "பண்டாரவளைங்க" என்று சொன்னேன். முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். நான் பிறந்தது பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாவது காம்பராவில். அதைச் சொன்னால் கல்லாப் பக்கம் நிற்க விடமாட்டார்கள், கூட்டிப் பெருக்கத்தான் வைப்பார்கள் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். நானும் நம்பினேன்.

அந்தக் கடையில் தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேசும் பேச்சு தனி. "தோட்டத்தாளுங்களுக்கு எதக் குடுத்தாலும் பிரச்சன இல்ல. திருப்பிக் குடுக்கப் பஸ் ஏறி வரவா போறாங்க?" இது முதலாளி அடிக்கடி சொல்வது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

தோட்டத்து ஆட்கள் டவுனுக்குச் சாமான் வாங்க வரும் முறையை இங்கே சொல்ல வேண்டும். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மாதிரி வேண்டும். ரவிக்கைக்குச் சேலையின் ஓரத்தில் ஒரு துண்டு. பைப்புக்கு ரப்பர் வேண்டுமென்றால் பழைய ரப்பர். மாத்திரைக்கு அட்டையின் மூலை. டவுனுக்குப் போகிறவர் ஒருவர், சாமான் வேண்டியவர்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு மாதிரியை மடித்துக் கொடுத்தால் போகிறவர் கடையில் நீட்டி வாங்கி வருவார். அடாப்டர் வந்தபோது அதற்கும் இதே வழி. பின்னை நாலு விரல் வயரோடு வெட்டி அனுப்புவார்கள். முழு அடாப்டரையும் கொண்டுபோனால், "வச்சிட்டுப் போங்க, செஞ்சு தர்றோம்" என்று கடைக்காரன் வாங்கி வைத்துக்கொள்வான், அது திரும்பி வராது. இது பட்டுத் தெரிந்த பாடம். ஆனால் வோல்ட்டும் பிளஸ் மைனஸும் அச்சடித்திருப்பது அடாப்டரின் முதுகில். வெட்டின துண்டில் வடிவம் மட்டும்தான் வரும், விவரம் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு ஒரு புதன்கிழமை. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, பின் ஒன்றைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"மொதலாளி, இதே மாதிரி ஒண்ணு வேணுங்க. ரவுட்டருக்கு. முந்தாநாத்து இடி விழுந்ததுல கருகிப்போச்சு."

முதலாளி பின்னை எடுத்தார். பெட்டியிலிருந்த அடாப்டர்களோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்று அச்சாகப் பொருந்தியது. தடித்த, கறுத்த, கனமான ஒன்று.

"இந்தா, அதே பின்னு."

அந்த அம்மா சந்தோஷமாகப் பையைத் திறந்தார். "நாளைக்குக் காலயில பத்து மணிக்கு மகளுக்கு இன்டர்வியூங்க. கொழும்பு கம்பெனி. வீட்டுலருந்தே பாக்கிற வேல. லேப்டாப்புலதான் கேக்குறாங்களாம். மொத ரெண்டு ரவுண்டு பாஸ் பண்ணிட்டா. இதுக்காகப் பேரு இல்லாமப் போனாலும் பரவால்லன்னு வந்திருக்கேன்."

பேரில்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. அது எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார்.

நான் அந்தக் கறுப்பு அடாப்டரின் முதுகைப் பார்த்தேன். பத்தொன்பது வோல்ட். லேப்டாப்புக்கானது. ரவுட்டர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, சிலது ஒன்பது. பன்னிரண்டு கேட்பதற்குப் பத்தொன்பதைக் கொடுத்தால் விளக்கு ஒரு முறை மின்னும், ஒரு வாசனை வரும், அவ்வளவுதான். நாளைக் காலை பத்து மணிக்கு அந்தப் பெண் கருகிய பெட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இடியோடு ரவுட்டரும் போயிருக்கும்போல என்று தன் தலையெழுத்தைத்தான் திட்டுவாள், இந்தக் கடையைத் திட்டமாட்டாள். நான் வாயைத் திறக்காமலிருந்தால் நடக்கப்போவது இதுதான்.

"அத வைங்க மொதலாளி" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அது பத்தொம்பது வோல்ட்டு. ரவுட்டர் எரிஞ்சிரும்."

"பின்னு சரியா இருக்குல்ல? மாதிரி கொண்டாந்தது அவங்க. நானா கொண்டாந்தேன்?"

வெட்டின பின்னை நான் கையில் எடுத்தேன். அளவுகோலில் வெளியே ஐந்தரை. துளையை அளக்க என்னிடம் சொந்த ஏற்பாடு உண்டு. செத்துப்போன போர்டுகளிலிருந்து கழற்றிய இரண்டு சாக்கெட்டுகளை ஒரு பலகையில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒன்றில் இரண்டு புள்ளி ஒன்று ஊசி, மற்றதில் இரண்டரை. இந்தப் பின் இரண்டரை ஊசியில் இறுக்கமாக ஏறியது. எனக்கு அங்கேயே உறுத்தியது. ரவுட்டரில் அதிகமும் வருவது இரண்டு புள்ளி ஒன்று. வயரைப் பார்த்தேன். தடித்த உருண்டை வயர். வெட்டின வாயில் நடுவே வெள்ளை உறை போட்ட கம்பி, அதைச் சுற்றிச் செப்பு இழைகள். ரவுட்டர் அடாப்டரில் இப்படி வராது, மெலிசான இரட்டை வயர்தான் வரும்.

"அக்கா, இத எதுலருந்து வெட்டுனீங்க?"

"கருகிப்போனதுலருந்துதான் மிஸ். செவத்துல ஆணியில ரெண்டு தொங்குச்சு. கரண்ட நிப்பாட்டிட்டுத்தான் வெட்டுனேன்."

"ரெண்டுன்னா? இன்னொண்ணு எது?"

"மகளோட லேப்டாப்பு சார்ஜரு."

சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஏதோ மாறியது. "மகளுக்கு ஒரு கோல் எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன்.

அவர்கள் லயத்து வாசலில் நின்றால் ஃபோனில் பேச்சு கேட்கும், படம் வராதாம். கூரைக்கு மேலே கம்பில் ஏரியல் கட்டி ரவுட்டரோடு சேர்த்திருப்பதே அதற்குத்தான். மகள் எடுத்தாள். நான் யாரென்று சொல்லிவிட்டு, ரவுட்டரைக் குப்புறத் திருப்பி அதில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னேன்.

"பன்னெண்டு வோல்ட்டு. ஒரு ஆம்பியர்."

"பக்கத்துல சின்னதா ஒரு படம் இருக்கும் பாருங்க. ஒரு புள்ளி, அதச் சுத்தி அரைவட்டம், ரெண்டு பக்கமும் கோடு."

"இருக்கு மிஸ்."

"நடுப் புள்ளியிலருந்து போற கோடு எதுல முடியுது?"

"பிளஸ்ல."

"நல்லது. இப்ப கருகுன அடாப்டர எடுங்க. செவத்துல மாட்டாதீங்க. அதோட பின்ன லேப்டாப்பு ஓட்டையில சும்மா சொருகிப் பாருங்க. ஏறுதா?"

"வாய்க்குள்ள போகுது. ஊசி தடுக்குது. முழுசா ஏற மாட்டேங்குது."

அப்படியென்றால் ரவுட்டருடையது சின்னத் துளை, லேப்டாப்புடையது பெரிய துளை. மேசைமேல் கிடந்த பெரிய துளைப் பின் எதனுடையது என்பதில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. நான் அதை எப்படிச் சொல்வதென்று யோசிப்பதற்குள் அங்கே அவளே பார்த்துவிட்டாள்.

"அம்மா..." என்றது ஃபோன். "கருகுனது அப்பிடியே இருக்கு. என்னோட லேப்டாப்பு வயரத்தான் வெட்டியிருக்கு. பேட்டரி பத்து நிமிஷங்கூட நிக்காதே அம்மா."

முதலாளி அந்த இடத்தில் சிரித்தார். சத்தமாக இல்லை. மூக்கால்.

"இதான் தோட்டத்தாளுங்க வேல. நல்லத வெட்டி எடுத்துட்டு வந்து நம்ம உயிர வாங்கறது. பிள்ள, அங்க ரெண்டு பேர் நிக்கிறாங்க பாரு, அவங்களப் போய்க் கவனி. இவங்க ரெண்டு சார்ஜரா வாங்கிட்டுப் போகட்டும்."

ஒன்றரை வருஷமாக மென்ற பேச்சு எல்லாம் அப்போது ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது.

"நானும் தோட்டத்தாளுதான் மொதலாளி" என்றேன். "பசறைப் பக்கம். லயம். பண்டாரவளன்னு சொன்னது பொய். தொரத்துறதுன்னா தொரத்துங்க, இவங்க வேல முடிஞ்சதும் போறேன். ஆனா ஒண்ணு. அவங்க வெட்டுனது ஒரு வயரு. நீங்க வாய் நிறைய சிரிச்சுக்கிட்டே குடுக்கப் பாத்தது ரவுட்டரையே எரிக்கிற சாமானு. இதுல யாரு வேல மோசம்?"

நின்றுகொண்டிருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் வேறெங்கோ பார்ப்பதுபோல எங்களையே பார்த்தார்கள். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர்கள் பார்ப்பதைக் கண்டு கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தார். பயம் இல்லை என்று சொன்னால் அதுவும் முக்கால் பொய்யாகிவிடும். அந்த மாதம் தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவு என் சம்பளத்தில்தான் நடந்தது. ஆனாலும் இவ்வளவு நாளும் ஏன் சும்மா இருந்தேன் என்பதுதான் பயத்தைவிடப் பெரிதாக வலித்தது.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஃபோனைப் பார்த்து, "சத்தம் போடாத. போய்ப் படி" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். அதுவரை மிஸ்ஸாக இருந்த நான் அப்போது புள்ளயாகிவிட்டேன்.

"புள்ள, வெட்டுனது நாந்தான். ஒட்டுறதும் நாந்தான். எப்பிடின்னு சொல்லு. புது சார்ஜரெல்லாம் வேணாம்."

வேலையைத் தொடங்கினோம். முதலில் ரவுட்டருக்கு. பன்னிரண்டு வோல்ட், சின்னத் துளை அடாப்டர் ஒன்றை எடுத்துக் கரண்டில் மாட்டினேன். வோல்ட் அளக்கும் மீட்டரின் சிவப்பு முனையைத் துளைக்குள்ளும் கறுப்பைப் பின்னின் வெளிப்புறத்திலும் வைத்தேன். பன்னிரண்டு சொச்சம் காட்டியது, முன்னால் மைனஸ் குறி இல்லை. "மைனஸ் குறி வந்தா நடுவுல மைனஸ்னு அர்த்தம். அது வேணாம். இது சரி" என்றேன். ரவுட்டருக்கு ஒரு ஆம்பியர் தேவை, இது ஒன்றரை. ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் மட்டும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதையும் அவருக்குச் சொன்னேன். அவர் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

அடுத்தது லேப்டாப் சார்ஜர். அதன் உடல் வீட்டில் தொங்குகிறது, ஈயம் பற்றவைக்க அங்கே ஒன்றும் கிடையாது. ஸ்க்ரூ வைத்து இறுக்கும் பின் ஒன்று எடுத்தேன். ஐந்தரை, இரண்டரை. எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்பதை அவர் வெட்டிக் கொண்டுவந்த துண்டே சொல்லும். மீட்டரைச் சத்தம் போடும் இடத்தில் வைத்து, ஒரு முனையைத் துளைக்குள்ளும் மற்றதை வெள்ளை உறைக் கம்பியிலும் தொட்டேன். பீப் என்றது. வெளிக் குழாயிலும் செப்பு இழையிலும் தொட்டேன், மறுபடி பீப். வெள்ளைக் கம்பி நடுவுக்கு, சுற்றியுள்ள இழை வெளிக்கு. மாறினால் லேப்டாப் போய்விடும்.

அந்தத் துண்டு வயரிலேயே அவரைப் பழக வைத்தேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்த கை. மேல்தோலை உரித்து, இழைகளை ஒருபக்கம் முறுக்கி, வெள்ளை உறையைக் கால் விரற்கடை சீவி, ஸ்க்ரூவில் இறுக்கினார். முதல் முறை கம்பி கழன்று வந்தது. இரண்டாம் முறை ஒரேயொரு செப்பு இழை நழுவி நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. துளைக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே மீட்டரை வைத்தால் பீப் என்று கத்தியது.

"இந்தச் சத்தம் வந்தா ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தங்கா. மாட்டாதீங்க."

"ஒரு மயிரு அளவு இழைக்கா இந்தக் கத்து கத்துது?" என்று அவிழ்த்தார். மூன்றாம் முறை மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

அவர் புறப்படும்போது என் மீட்டரையும் பையில் வைத்துவிட்டேன். கடையுடையது அல்ல, கோர்ஸ் முடித்தபோது நானே வாங்கிய மஞ்சள் மீட்டர். இறுக்கி டேப் சுற்றிய பிறகு, லேப்டாப்பில் சொருகுவதற்கு முன்னால் மகளை வைத்து அளக்கச் சொன்னேன். பத்தொன்பது காட்ட வேண்டும், மைனஸ் வரக் கூடாது.

"நம்பிக் குடுக்கிறியே புள்ள, நான் திருப்பிக் கொண்டு வராட்டி?"

"வருவீங்கக்கா. நம்மாளுக பஸ் ஏறி வரமாட்டாங்கன்னு இங்க ஒருத்தர் சொல்லிக்கிட்டிருக்காரு. அவருக்காகவாவது வருவீங்க."

அவர் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் முதலாளி என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் வழக்கம்போல் கடைக்குப் போய் என் இடத்தில் நின்றேன். துரத்துவதென்றால் அவர் வாயால் துரத்தட்டும், நானாகப் போவதாக இல்லை என்று தீர்மானித்திருந்தேன். பத்து மணியிலிருந்து கடிகாரத்தையே பார்த்தேன். பதினொன்றேகாலுக்கு ஃபோன் வந்தது.

"முடிஞ்சிருச்சு புள்ள. ஒருக்காகூட அறுந்துபோகல. எந்த ஊருன்னு கேட்டாங்களாம். லயத்துலருந்துதான் பேசுறேன்னு சொல்லிட்டா. நீ மொதலாளிகிட்ட சொன்னத நான் வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லியிருந்தேன்."

நான் கடைக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. அடுத்த மாதம் அந்த அம்மா மீட்டரோடு பஸ் ஏறி வந்தார். கல்லா மேசையில் முதலாளியின் கண்ணெதிரே வைத்து, "சாமானத் திருப்பிக் குடுக்க வந்தேங்க" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் என்னிடம் எடுத்துக் கொடுத்தார். முதலாளி என்னை இன்றுவரை துரத்தவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். பின்னை அளக்கத் தெரிந்தவள் அந்தக் கடையில் நான் ஒருத்திதான்.

போன வாரம் நான் சாப்பிட உள்ளே போயிருந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் வந்தார். கொஸ்லந்தைப் பக்கம், அந்த அம்மாவின் தோட்டம். முதலாளி பழக்கதோஷத்தில் ஒரு அடாப்டரை எடுத்து நீட்டினார். பெரியவர் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கொப்பிக் காகிதத் துண்டொன்றை எடுத்து, கண்ணுக்குத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். நான் உள்ளிருந்து வரும்போது பாதி வாசித்திருந்தார்.

"வெளிய அஞ்சர. துள ரெண்டு புள்ளி ஒண்ணு. நடு பிளஸ். பன்னெண்டு வோல்ட்டு." காகிதத்தைத் திருப்பினார். "வேற எதக் குடுத்தாலும் வாங்காத."

முதலாளி கையிலிருந்த அடாப்டரைத் திருப்பி முதுகைப் பார்த்தார். ஒன்பது வோல்ட். என்னைப் பார்த்தார்.

"எங்காளு கேட்டத எடுத்துக் குடுங்க மொதலாளி" என்றேன்.